எம்-சாண்டு மேட்டில் ஒரு பாத்தி

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிற டாக்டர் நான். வெயில் காலத்தைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலியில் கூப்பிட்டபோது, இளநீர் குடியுங்கள், குடை பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வர எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன். நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு ஊரில், சித்திரை மாதக் கடைசியில், வீடு கட்டுகிற இடத்தில் நடந்தது.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு விழுந்த அந்தத் தம்பிக்குச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நன்றாக வியர்த்துக்கொண்டிருந்தது. ஹீட் ஸ்ட்ரோக் என்கிற வெப்ப வாதம் வந்தால் வியர்வை நின்று தோல் காய்ந்துபோகும் என்று நிறையப் பேர் படித்திருப்பீர்கள். வயதானவர்கள் காற்றில்லாத வீட்டுக்குள் கிடந்து வெந்துபோகும்போது பெரும்பாலும் அப்படித்தான். வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுகிற ஆளுக்குப் பாதி நேரம் வியர்வை ஓடிக்கொண்டுதான் இருக்கும். "வேர்க்குதே, ஒண்ணும் இல்ல, சும்மா மயக்கம்" என்று விட்டுவிடுகிற இடம் அதுதான்.

பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது? புத்தியை வைத்து. அந்தத் தம்பி கம்பி கட்டுகிற வேலை. சென்ட்ரிங் அடித்து முடித்து, தகரத்துக்கு மேல் குனிந்து உட்கார்ந்து காலையிலிருந்து கட்டுக்கம்பி முறுக்கிக்கொண்டிருக்கிறான். பத்து வருடமாகச் செய்கிற வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வான். இரண்டே முக்கால் மணிக்குப் பார்த்தால், கட்டிய இடத்திலேயே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இருந்தவர் "ஏல, என்னல செய்யுத?" என்று கேட்டதற்கு அவரைக் கண்டபடி திட்டியிருக்கிறான், அதுவரைக்கும் யாரையும் வாடா போடா என்று பேசாதவன். அப்புறம் "நான் ஊருக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு ஏணியில் இறங்கியிருக்கிறான். சொந்த ஊரே அதுதான்! கீழே இறங்கி, எம்-சாண்டு கொட்டியிருந்த மேட்டுப் பக்கம் நாலு எட்டு கோணலாக நடந்து, விழுந்துவிட்டான். மேலே நின்றவர்கள் முதலில் நினைத்தது, மத்தியானம் தண்ணி போட்டுவிட்டான் என்று.

வெயிலில் வேலை செய்கிற ஆள் குளறினாலும், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலும், தள்ளாடினாலும், குடித்திருக்கிறானா என்ற ஆராய்ச்சியை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, சோர்வு, இதெல்லாம் இருந்து பேச்சு மட்டும் தெளிவாக இருந்தால் அது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்க வைத்து உப்புப் போட்ட மோர் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தேறிவிடுவார்கள். புத்தி தடுமாறிவிட்டது என்றால் உடம்புக்குள் சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டது, அதுதான் வெப்ப வாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்களுக்குப் புரிகிற ஃபாரன்ஹீட் கணக்கில் 104.

அந்த மேஸ்திரி என் வீட்டைக் கட்டியவர். அதனால் என் நம்பர் அவரிடம் இருந்தது. இரண்டு ஐம்பத்தைந்துக்கு போன். "சார், பையன் பேச்சு மூச்சில்லாம கெடக்கான், கை ரெண்டும் வெறச்சுக்கிட்டு இருக்கு, குட்டி யானையில தூக்கிப் போட்டுட்டு வாறோம்" என்றார். அங்கிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நான் சொன்னது: "அண்ணாச்சி, தூக்காதீங்க. மூச்சு விடுதானா? அத மட்டும் பாருங்க. 108-க்கு ஒரு ஆள் போன் போடட்டும். நீங்க அவன அங்கேயே குளிர வையுங்க."

இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும், உயிருக்குப் போராடுகிறவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராதே என்று ஒரு டாக்டரே சொல்வதா என்று. பாம்பு கடித்தால் ஓட வேண்டும், நெஞ்சுவலிக்கு ஓட வேண்டும், ஏனென்றால் மருந்து எங்களிடம்தான் இருக்கிறது. வெப்ப வாதத்துக்கு மருந்து தண்ணீர். அது அவர்களுக்குப் பத்தடி தூரத்தில் இருக்கிறது. விழுந்து அரை மணி நேரத்துக்குள் உடம்பின் உள்சூட்டை 39-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். தகரக் கூரை போட்ட வண்டியில் முக்கால் மணி நேரம் அப்படியே வேகவிட்டுக் கொண்டுவந்தால், வந்து சேர்கிறபோது கல்லீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் சேர்ந்து கெட்டுப்போயிருக்கும். முதலில் குளிர வைப்பது, அதற்கப்புறம்தான் வண்டி.

எப்படிக் குளிர வைப்பது? முகத்தில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் காணாது. ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பதும் காணாது, இரண்டு நிமிடத்தில் அந்தத் துண்டே சூடாகிவிடும், அப்புறம் அது கம்பளி போர்த்தின மாதிரிதான். கழுத்துவரை தண்ணீருக்குள் அமிழ்த்துவதுதான் சிறந்த வழி. வீடு கட்டுகிற இடத்தில் குளியல் தொட்டிக்கு எங்கே போவது? மேஸ்திரியிடம் கேட்டேன், "அண்ணாச்சி, கான்கிரீட் போட்ட மறுநாள் தண்ணி நிறுத்த என்ன செய்வீங்க?" "பாத்தி கட்டுவோம் சார்." "அதே பாத்தியை அந்த மணல் மேட்டுல, வேப்பமர நெழலு விழுற பக்கமா கட்டுங்க. ஆள் நீளத்துக்குப் பள்ளம் பறிச்சு, மேல தார்ப்பாய விரிங்க."

அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மண்வெட்டியால் நாலு பேர் சேர்ந்து இரண்டு நிமிடத்தில் பள்ளம் பறித்து, தார்ப்பாயை விரித்து, சட்டையையும் கைலியையும் கழற்றிவிட்டு அவனை உள்ளே இறக்கிவிட்டார்கள். தலையை ஒரு ஆள் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டார், தண்ணீர் மூக்குக்குள் போகாமல். மணல் இல்லாத இடமென்றால் நாலு பேர் தார்ப்பாயின் நாலு மூலையையும் தூக்கிப் பிடித்துத் தொட்டில் மாதிரி ஆக்கி நடுவில் தண்ணீரை ஊற்றினாலும் போதும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு தப்பு நடக்கப் பார்த்தது. மேலே கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் இருந்தது. ஒரு பையன் அதிலிருந்து வருகிற ஓஸைப் பிடித்து ஊற்ற ஆரம்பித்துவிட்டான். சித்திரை மாதம் மூன்று மணிக்கு அந்த டேங்க் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். நல்லவேளையாக ஒரு சித்தாள் அக்கா "ஏய், இது கொதிக்கே!" என்று சத்தம் போட்டு நிறுத்தினார். போரில் மோட்டாரைப் போட்டு, குழாயில் கிடந்த சூட்டுத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, அப்புறம் வந்த தண்ணீரை விட்டார்கள். போர்த் தண்ணீர் ஜில்லென்று இருக்காது, கையில் பட்டால் வெதுவெதுப்புக்குக் கொஞ்சம் கீழே. ஆனாலும் 41 டிகிரியில் இருக்கிற உடம்புக்கு அது பத்து டிகிரிக்கு மேல் குறைவு, சூட்டை இழுத்துவிடும். ஐஸ் கிடைத்தால் இன்னும் வேகம். பெட்டிக்கடையில் உறைந்துகிடந்த தண்ணீர்ப் பாக்கெட்டுகளை வாங்கிவந்து பாத்திக்குள் உடைத்துப் போட்டார்கள். தண்ணீரை ஒரு ஆள் கையால் அலசிக்கொண்டே இருக்க வேண்டும், அசையாமல் நின்றால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடேறிப்போகும். தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் உடம்பு முழுவதும் நனைத்து நனைத்து, பலகையையோ அட்டையையோ வைத்து விடாமல் விசிறுங்கள். கழுத்து, கக்கம், தொடைச் சந்து, இந்த இடங்களில் ஐஸை வையுங்கள். அமிழ்த்துவது அளவுக்கு அது வேகமில்லை, இருந்தாலும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதற்கு எவ்வளவோ மேல்.

இந்தக் களேபரத்துக்குள் கூடியிருந்தவர்கள் என்னவெல்லாம் செய்யப் பார்த்தார்கள் என்பதை மேஸ்திரி பிற்பாடு சொன்னார். ஒருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்ற வந்தாராம். நினைவில்லாதவன் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது, அது நேராக நுரையீரலுக்குப் போகும். ஒருவர் வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். அதனால் கெடுதலும் இல்லை, பிரயோசனமும் இல்லை. இன்னொருவர் பாரசிட்டமால் மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், படித்த பிள்ளை. காய்ச்சல் வேறு, இது வேறு என்பது அவருக்குத் தெரியவில்லை. காய்ச்சலில் மூளையே "சூட்டை ஏற்று" என்று கட்டளை போடுகிறது, மாத்திரை அந்தக் கட்டளையை மாற்றும். இங்கே மூளை குறைக்கத்தான் பார்க்கிறது, உடம்பால் முடியவில்லை. மாத்திரை ஒரு டிகிரிகூட இறக்காது, ஏற்கெனவே வெந்துபோயிருக்கிற கல்லீரலுக்குக் கூடுதல் சுமையும் ஆகும்.

மூன்று மணிக்குப் பாத்தியில் இறக்கினார்கள். மூன்று பதினெட்டுக்கு முனகினான், கையைத் தட்டிவிட்டான். கொஞ்ச நேரத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நான் போனிலேயே இருந்தேன். "இப்போ வெளிய எடுங்க, நெழலுல ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க" என்றேன். நடுக்கம் வந்தாலோ, கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாலோ நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேலும் போட்டால் சூடு தேவைக்கு அதிகமாக இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னது வாந்தி வந்தால் தொண்டையில் அடைக்காமல் இருக்க. மூன்றரைக்கு 108 வந்தது. நாலு பத்துக்கு என் முன்னால் இருந்தான். ஆசனவாய் வழியாக வெப்பமானி வைத்துப் பார்த்தோம், 38.7. கக்கத்தில் வைத்தாலும் நெற்றியில் துப்பாக்கி மாதிரி காட்டினாலும் இந்த நோயில் நம்பக் கூடாது, நனைந்த தோல் எப்போதும் குறைத்துத்தான் காட்டும். உள்ளே எவ்வளவு ஏறியிருந்தது என்பதை யாரும் அளக்கவில்லை. அளந்துகொண்டிருந்தால் நேரம் போயிருக்கும், அளக்காமல் இருந்ததே நல்லது.

வந்ததும் "நான் நல்லாத்தான் இருக்கேன், வீட்டுக்குப் போறேன்" என்றான். ஐந்து நாள் விடவில்லை. முதல் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. வெந்துபோன தசை சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். நரம்பு வழியாக நிறைய உப்புநீர் ஏற்றினோம். கல்லீரல் கெட்டிருந்தால் அது இரத்தப் பரிசோதனையில் இரண்டாம் நாள், மூன்றாம் நாளில்தான் நன்றாகத் தெரியும். கண் முழித்துவிட்டான், பேசிவிட்டான் என்று வீட்டுக்குக் கூட்டிப் போனவர்கள் மூன்றாம் நாள் மஞ்சள் கண்ணோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பத்து வருடம் வெயிலில் கிடந்த ஆளுக்கு அன்றைக்கு மட்டும் ஏன் வந்தது? படுக்கையில் வைத்து அவனிடமே கேட்டேன். ஊரில் அம்மன் கோயில் கொடை. அதற்காக வேலைக்குப் போகவில்லை, கொடை முடிந்து இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மொத்தம் பன்னிரண்டு நாள் வீட்டில். வேலைக்குத் திரும்பி அது மூன்றாவது நாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகின உடம்பு சீக்கிரமே வியர்க்க ஆரம்பிக்கும், அதிகமாக வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். இந்தப் பழக்கம் கையெழுத்து மாதிரி நிலைத்து நிற்பதில்லை. ஒன்றிரண்டு வாரம் நிழலில் இருந்தால் பெரும்பகுதி போய்விடும். கை பத்து வருட அனுபவத்தில் ஓடுகிறது, உடம்பு புது ஆள் மாதிரி நிற்கிறது.

அதனால் வெயில் காலத்தில் கொஞ்ச நாள் வேலைக்கு வராமல் இருந்துவிட்டுத் திரும்புகிற பழைய ஆளுக்கு முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் அறுபது சதவீதம், மூன்றாம் நாள் எண்பது, நாலாம் நாள் முழு வேலை என்பது கணக்கு. முற்றிலும் புது ஆளுக்கு முதல் நாள் இருபது சதவீதம்தான், ஒவ்வொரு நாளும் இருபது கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதை நான் மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பாதி வேலைக்குப் பாதிக் கூலின்னா எவன் சார் வருவான்?" நியாயமான கேள்வி, புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அவரே ஒரு வழி சொன்னார்: முதல் மூன்று நாள் அந்த ஆளை மேலே ஏற்றாமல், கீழே நிழலில் கம்பி வெட்டவும் ரிங் வளைக்கவும் உட்கார வைத்துவிடலாம், கூலி அதே கூலி. டாக்டர்கள் மாநாட்டில்கூட இவ்வளவு உருப்படியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெயில் எவ்வளவு என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. அன்றைக்குப் பாளையங்கோட்டையில் 39 டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள். அந்த வெப்பமானி காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் இருப்பது. சென்ட்ரிங் தகரத்துக்கு மேல் குனிந்திருக்கிறவனுக்கு மேலேயிருந்து வெயில், கீழேயிருந்து தகரத்தின் காந்தல், இரண்டும் சேர்ந்து அடிக்கிறது. அதோடு நம் தோலின் சூடு சுமார் 35. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் காற்று உடம்புக்குச் சூட்டைக் கொடுக்குமே தவிர எடுக்காது. அப்புறம் மிச்சமிருக்கிற ஒரே வழி வியர்வை காய்வது. அதற்குத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டபோதுதான் அடுத்த விஷயம் வெளியே வந்தது. தண்ணீர் இருந்தது, கீழே வேப்பமரத்தடியில் கேனில். மேலே இருக்கிறவன் குடிக்க ஏணியில் இறங்கி ஏற வேண்டும். மறுநாள் காலையில் கான்கிரீட், மிக்ஸர் மிஷினுக்குச் சொல்லியாயிற்று, அதற்குள் கம்பி முடிய வேண்டும். யார் இறங்குவார்கள்? காலை ஏழரையிலிருந்து ஒரு மணி வரை அவன் குடித்தது ஒரு டீ, பதினொரு மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீர். மத்தியானச் சாப்பாடு வாந்தி. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

வெயிலில் கடும் வேலை செய்கிறவர் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர், தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும். மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் ஆகிறது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகவும் கூடாது, வெறும் தண்ணீரையே அளவுக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து அதற்கும் வலிப்பு வரும். காலையில் நீத்தண்ணி, பத்தரைக்கு உப்புப் போட்ட மோர், மத்தியானம் சாப்பாடு என்று இருந்தால் உப்புக்குத் தனியாக ஒன்றும் தேட வேண்டாம். இப்போது கணக்குப் போடுங்கள். பத்துப் பேர், ஆளுக்கு ஏழு லிட்டர், எழுபது லிட்டர். இருபது லிட்டர் கேன் என்றால் மூன்றரை கேன். அன்றைக்கு அந்த இடத்தில் வாங்கி வைத்திருந்தது ஒன்று. சாயங்காலம் அதிலும் மிச்சம் இருந்ததாம்.

சித்தாள் அக்காக்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. அவர்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் மறதி இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை. நாலு தகரத்தை நிறுத்தி ஒரு மறைப்புக் கட்டிக் கொடுக்காமல், "தண்ணி குடிங்கம்மா" என்று நான் மைக்கில் சொல்லி ஒரு பிரயோசனமும் கிடையாது.

கான்கிரீட்டையும் ஒரு சாட்சியாகக் கூப்பிடுகிறேன். 40 டிகிரிக்கு மேல் போகிற சூட்டில் எப்படிக் கான்கிரீட் போட வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் தனித் தரநிலையே இருக்கிறது. ஜல்லியை நிழலில் வை, தண்ணீரைக் குளிர வை, வெயில் தணிந்த நேரத்தில் போடு என்று அது சொல்கிறது. மேஸ்திரிகளுக்கு இது தெரியும், உச்சி வெயிலில் போட்டால் வெடிப்பு விடும் என்று அவர்களே அதிகாலையில் ஆரம்பிப்பார்கள். ஆனால் முந்தின நாள் கம்பி கட்டுகிற வேலைக்கு அந்த நேரம் பார்ப்பதில்லை. காலை ஆறிலிருந்து பதினொன்றரை, அப்புறம் மூன்றரைக்கு மேல் வெளிச்சம் இருக்கும்வரை என்று பிரித்தால் அதே வேலை முடிந்துவிடும். அந்த மேஸ்திரி இப்போது கத்திரி முடிகிறவரை அப்படித்தான் செய்கிறார், சாரல் இறங்கிவிட்டால் பழைய நேரம்.

அந்தத் தம்பி இரண்டு மாதம் கழித்து, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியான பிறகு வேலைக்குத் திரும்பினான். முதல் வாரம் ரிங் வளைத்தான். ஒரு தடவை இது வந்தவருக்குக் கொஞ்ச காலம் வெயில் தாங்காது, அவனுக்கும் இன்னும் பதினோரு மணி ஆனால் தலை கனக்கிறது, இறங்கி வந்துவிடுகிறான். தண்ணீர்க் கேனை இப்போது கயிறு கட்டி மேலே ஏற்றிவிடுகிறார்கள். டம்ளரைத்தான் யாராவது தினமும் தொலைத்துவிடுகிறார்களாம், மேஸ்திரி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.